நாற்பது மாணவர்க்கு நாற்பது பொருள்

செயற்றிட்டம் செய்விக்கும் ஆசிரியர் எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. தவணையின் தொடக்கத்திலே, “நாளைக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு வாருங்கள்” என்று சொல்லி விடுகிறோம். மறுநாள் நாற்பது பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால், நாற்பது பொருள்கள் வருவதில்லை. அறுவர் பாரதியாரையும், ஐவர் நாவலர் பெருமானையும், வேறு ஐவர் தைப்பொங்கலையும், பின்வாங்கிலிருக்கும் நால்வர் பனையின் பயனையும் கொண்டு வருகிறார்கள். எஞ்சியோர், “ஐயா, நீங்களே ஒன்று சொல்லுங்கோ” என்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சிந்திக்கும் ஆற்றலில்லை என்பதன்று இதன் பொருள். ஒரே பாடநூலைப் படித்து, ஒரே வாங்கில் இருந்து, ஒரே இரவிற் சிந்தித்தவர்களுக்கு ஒரே பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். முதலில் நினைவுக்கு வருவதையே கேட்டோம்; அதுவே கிடைத்தது.

இவ்விடத்தே ஆசிரியர் செய்யும் பிழை ஒன்றுண்டு. அதனை யானும் செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன், யான் அப்போது கற்பித்த ஒரு பாடசாலையிலே, இரு மாணவர் பனைத்தொழிலையே தமக்குரிய பொருளாக எழுதித் தந்தனர். இரண்டாவதாகத் தந்தவனை அழைத்து, “இது முன்னரே கொடுக்கப்பட்டு விட்டது, வேறொன்று பார்” என்று சொல்லி அனுப்பினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பத்து நாட் கழித்து நூலகத்தின் பயன் என்னும் பொருளில் ஆறு பக்கம் எழுதித் தந்தான். அஃது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தவுடனே அறிந்தேன். அதற்குரிய குறைந்த புள்ளியையும் இட்டேன். அவனுடைய பாட்டனார் ஐம்பது ஆண்டு பனையேறியவர் என்பதும், நான் பொருளை மாற்றச் சொன்ன நாளுக்கு முன்னரே அவன் அவரிடம் கேட்டுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தான் என்பதும் எனக்குத் தெரியாது. நான் அவனிடம் கேட்கவில்லை. மற்ற மாணவனோ அதே பொருளை ஒரு நூலிலிருந்து பெயர்த்து எழுதியிருந்தான். இரண்டும் ஒரே தலைப்பு. ஆனால், ஒரே பொருள் அல்ல. அதனை உணராத ஆசிரியர் நல்லதைத் தள்ளி அல்லதைக் கொண்டார்.

அன்று தொட்டு இம்முறையைச் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தேன். இப்பொழுது தரம் 10 இல் நாற்பது மாணவர் கொண்ட வகுப்பிற் கையாளும் முறையைச் சக ஆசிரியர்க்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

ஒரே பொருள் என்பது யாது?

முதலில் இவ்வினாவுக்கு விடை காண வேண்டும். தலைப்பு ஒன்றாயிருந்தால் மாத்திரம் இரு செயற்றிட்டங்கள் ஒன்றாகா. இருவர் கேட்கும் வினாவும் ஒன்றாய், அவ்வினாவுக்கு விடை பெறும் இடமும் ஒன்றாயிருந்தாலே அவை ஒன்று. ஆகவே, என் வகுப்பிலே பொருள் என்பது ஒரு பெயர்ச்சொல் அன்று. ஒரு வினாவும் அதற்கு விடை தரும் ஓர் ஆளும் சேர்ந்தது. “கடற்றொழில்” என்று எழுதுபவன் இன்னும் பொருளைத் தெரியவில்லை. “குருநகரிலே கரைவலை இழுப்போர் தம் வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர் சொல்லுகின்றனர்? இதனை என் மாமாவிடம் கேட்பேன்” என்று எழுதுபவனே பொருளைத் தெரிந்தவன்.

இவ்வரைவிலக்கணத்தால் வேறொரு நன்மையும் உண்டு. வினா இல்லாத தலைப்பு எப்பொழுதும் அகன்று கிடக்கும். “தமிழர் திருவிழாக்கள்” என்னும் தலைப்பில் எதை எழுதினாலும் பொருந்தும். ஆகவே, எழுதுபவன் கண்ட நூலிலிருந்து கண்டதை எடுத்து எழுதுவான். வினா வந்தவுடன் எது வேண்டும், எது வேண்டா என்பதை அவனே அறிவான்.

கட்டம் வரைதல்

பிள்ளைகளிடம் வெறும் வெளியிற் பொருள் தேடச் சொல்லாமல், முதற் பாடவேளையிலே அவர்களைக் கொண்டே கரும்பலகையில் ஒரு கட்டம் வரைவிக்கின்றேன். வகுப்பு முழுவதற்கும் பொதுவான பெரும்பொருள் ஒன்று வேண்டும். சென்ற முறை அது “எம் அயலவரின் தொழிற்சொற்கள்” என்பதாக அமைந்தது. பெரும்பொருளை ஆசிரியர் தெரிந்தால் இழுக்கில்லை. 1918 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கல்வியறிஞர் வில்லியம் கில்பற்றிக் செயற்றிட்ட முறையைப் பற்றி எழுதிய கட்டுரையில், மாணவன் தானே நோக்கங்கொண்டு முழுமனத்தோடு செய்வதே அதன் உயிர் என்று கொண்டார். அந்நோக்கம் பெரும்பொருளிலன்று, தனக்குரிய வினாவிலேதான் பிறக்கின்றது என்பது யான் கண்டது.

கட்டத்தின் இடப்பக்கத்திலே பத்துத் தொழில்கள்: கடற்றொழில், பனைத்தொழில், நெற்செய்கை, தோட்டச்செய்கை, மாடு வளர்ப்பு, தச்சு, பொற்றொழில், கட்டடவேலை, தையல், கோயிற்றிருவிழா. இவற்றைப் பிள்ளைகளே சொல்லுவர். மேற்பக்கத்திலே ஆறு வினாக்கள்: கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் பெயர் என்ன? செய்யும் வேலைகளைக் குறிக்கும் வினைச்சொற்கள் எவை? எவ்வெவ் அளவுச் சொற்கள் வழங்குகின்றன? நல்லது, கெட்டது என்பதை எச்சொற்களாற் சொல்லுகின்றனர்? பிறமொழியிலிருந்து வந்த சொற்கள் எவை? பாட்டன் சொல்ல, பேரன் சொல்லாமல் விட்ட சொற்கள் எவை? பத்தை ஆறாற் பெருக்க அறுபது கட்டங்கள்.

நாற்பது மாணவர்க்கு அறுபது ஏன் என்று கேட்கலாம். சில கட்டங்கள் வெறுங் கட்டங்கள். அவற்றைப் பிள்ளைகளோடு பேசிக் குறுக்கே கோடிட்டு விடவேண்டும். சென்ற முறை பதின்மூன்று கட்டங்களை அவ்வாறு நீக்கினோம். எஞ்சியவை நாற்பத்தேழு. நாற்பதுக்குச் சரியாக நாற்பது கட்டமே இருந்தால் கடைசியாகத் தெரிபவனுக்குத் தெரிவு என்பது இல்லை. அவனுக்குக் கிடைப்பது மிச்சம். நாற்பத்தேழு இருந்தால், முப்பத்தொன்பது பேர் எடுத்த பின்பும் நாற்பதாமவன் முன்னால் எட்டுக் கட்டங்கள் நிற்கும். அத்துடன், ஒருவனுடைய பொருள் நடுவழியில் நின்று விட்டால் மாறிக்கொள்ளவும் இடமிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையிலே பொருள் இருக்கின்றது என்பதைக் காட்ட, ஆசிரியர் இரண்டொரு கட்டத்தை நிரப்பிக் காட்டல் வேண்டும். தச்சுத் தொழிலில் பிறமொழிச் சொல் என்ற கட்டத்திலே, கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்னும் நான்கையும் எழுதி, நான்கும் போர்த்துக்கீசர் மொழியிலிருந்து வந்தவை என்று சொன்னேன். வகுப்பு வியந்தது. “அப்போ வாங்கு?” என்று ஒருவன் கேட்டான். கேட்டவன் பின்னர் அந்தக் கட்டத்தையே விரும்பி எடுத்தான். தோட்டச் செய்கையில் வழக்கொழிந்த சொல் என்ற கட்டத்திற்குத் துலா, துலாக்கொடி, ஆடுகால், பட்டை என்பவற்றை எழுதினேன். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மிதித்தவர் அருகிவிட்டனர். ஆகவே, அக்கட்டம் முதியவர் ஒருவர் வீட்டிலுள்ள பிள்ளைக்கே இயலும் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தேன்.

துண்டு எழுதுதல்

முதற் பாடவேளை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நான்கு நாள் தவணை கொடுக்க வேண்டும். அந்நாட்களில் அவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: வீட்டிலோ அயலிலோ தம் வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர் யார் என்று விசாரித்தல். சனி, ஞாயிறு இடையில் வருமாறு பார்த்துக்கொண்டால் நலம்.

இரண்டாம் பாடவேளையிலே ஒவ்வொருவருக்கும் கொப்பித்தாளிற் காற்பங்கு துண்டு ஒன்று கொடுக்கின்றேன். அதன் முன்பக்கத்திலே தான் விரும்பும் மூன்று கட்டங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். பின்பக்கத்திலே ஒவ்வொன்றுக்கும் யாரிடம் கேட்கப்போகின்றான் என்பதை எழுத வேண்டும். ஆள் இல்லாத விருப்பம் விருப்பமாகக் கொள்ளப்படாது.

பின்பக்கத்திலே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பக்கத்தை வகுப்பிலே வாசிப்பேன்; பின்பக்கத்தை என்னைத் தவிர வேறெவரும் பாரார். தன் தகப்பனாரின் தொழிலை வகுப்பறிய எழுதுவதற்குக் கூசும் பிள்ளைகள் எம் சமூகத்திலே இன்னும் உளர். அக்கூச்சத்தைச் சொற்பொழிவாற் போக்கிவிட முடியாது. “உன் அப்பாவின் தொழிலையே நீ எடுக்கலாமே” என்று பலர் முன்னிலையிற் சொல்லும் ஆசிரியர் நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கின்றார். துண்டின் பின்பக்கத்திலே அவன் தானாக எழுதினால், அது போதும். பனைத்தொழிலின் வினைச்சொற்களைத் தெரிந்த பிள்ளையொருவன், ஆசிரியர் தவிர எவரும் அறியாமலே தன் வீட்டிலே கேட்டு, வகுப்பில் எவரும் எழுதாத சொற்களோடு வந்ததை யான் கண்டிருக்கின்றேன்.

பங்கிடுதல்

துண்டுகள் கைக்கு வந்ததும் அன்றிரவே அவற்றைக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்தபடியே சில கட்டங்களில் நெரிசல் இருக்கும். கோயிற்றிருவிழாவின் கருவிப் பெயர்களைப் பலர் விரும்புவர். மஞ்சமும் சப்பறமும் ஆலவட்டமும் யாருக்குத்தான் விருப்பமில்லை?

நெரிசலான கட்டத்தைப் பார்த்தவுடனே மாற்றச் சொல்லக்கூடாது. முதலில், அதனைப் பிரிக்கலாமா என்று பார்க்க வேண்டும். கடற்றொழிற் கருவிகளை இருவர் விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் குருநகரில் கரைவலைக்காரரிடம் கேட்பான். மற்றவன் வடமராட்சியில் வள்ளத்திற் செல்பவரிடம் கேட்பான். இவை இரண்டாகப் பிரியக்கூடியவை. பிரிந்ததா இல்லையா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கேட்கப்படும் இருவரையும் மனத்திலே இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியபின் இரு செயற்றிட்டங்களின் விடையும் மாறுமானால் அவை இரண்டு பொருள்கள். மாறாவிட்டால், தலைப்பிலே இரண்டு ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் அவை ஒன்றே. கோயிற் கருவிகளில், “எங்கள் ஊர்க் கோயில்”, “உங்கள் ஊர்க் கோயில்” என்று பிரிப்பது பெரும்பாலும் இச்சோதனையில் நிற்பதில்லை. தேர் கட்டுவோரின் சொற்கள், வாகனந் தூக்குவோரின் சொற்கள் என்று பிரித்தால் நிற்கும்.

பிரித்தபின்பும் முட்டுவனவற்றுக்குச் சீட்டே வழி. சீட்டை எவ்வாறு போடுவது என்பதிலே ஆசிரியர் பலர் தவறுகின்றனர். வழக்கமாகச் செய்வது யாதெனில், முதல் விருப்பங்களை எல்லாம் முதலிற் கொடுத்து விடுவது. ஒரே கட்டத்தை இருவர் கேட்டால் அவ்விருவருக்கு மாத்திரம் சீட்டுப் போடுவது. தோற்றவனுக்கு இரண்டாம் விருப்பத்தைக் கொடுப்பது. இது நியாயமாகத் தோன்றும். ஆனால், ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள்.

கந்தன், வேலன், முருகன் என மூவர். கந்தனுக்கு முதல் விருப்பம் கடற்கருவி, இரண்டாவது பனைக்கருவி, மூன்றாவது தையல் அளவு. வேலனுக்கும் முதல் விருப்பம் கடற்கருவி. முருகனுக்கு முதல் விருப்பம் பனைக்கருவி, இரண்டாவது தச்சிற் பிறமொழிச் சொல். வழக்கமான முறையில் முருகனுக்கு உடனே பனைக்கருவி கிடைக்கும். கடற்கருவிக்குச் சீட்டு விழுந்து வேலன் வென்றால், கந்தன் தன் இரண்டாம் விருப்பத்தைத் தேடுவான். அது முருகனிடம் போய்விட்டது. பலர் விரும்பியதை உண்மையாகக் கேட்ட குற்றத்துக்காக அவன் மூன்றாவதற்கு இறங்க வேண்டும். அடுத்த முறை அவன் உண்மையை எழுதமாட்டான். எது எளிதிற் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து எழுதுவான். பொருள் தெரிதல் சூதாகி விடும்.

ஆகவே, கட்டத்துக்குச் சீட்டுப் போடாமல் ஆளுக்குச் சீட்டுப் போட வேண்டும். 1 முதல் 40 வரை எண்ணிட்ட சீட்டுகளைப் பெட்டியிலிட்டு ஒவ்வொருவனும் ஒன்றை எடுக்கட்டும். எண் வரிசையில் ஒவ்வொருவனுடைய துண்டையும் வாசித்து, அந்நேரம் எஞ்சியிருப்பவற்றில் அவனுக்கு மிக விருப்பமானதை அவனுக்குக் கொடுக்க வேண்டும். மேற்கூறிய மூவரில் வேலன், கந்தன், முருகன் என்ற வரிசை விழுந்தால், வேலனுக்குக் கடற்கருவி, கந்தனுக்குப் பனைக்கருவி, முருகனுக்குத் தச்சுச் சொல். மூன்றாம் விருப்பத்துக்கு எவனும் இறங்கவில்லை. எந்த வரிசை விழுந்தாலும், தன் முறை வரும்போது மிஞ்சியிருப்பதிற் சிறந்ததே கிடைக்கும் ஆதலால், பொய் எழுதுவதால் எவனுக்கும் நயமில்லை. இதனைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே இந்த எடுத்துக்காட்டுடன் விளக்கிவிட்டால் முறைப்பாடு எழுவது அரிது.

பின்வரிசை எண் எடுத்த சிலருக்கு எழுதிய மூன்றும் போயிருக்கும். அவர்களை மாத்திரம் கட்டத்துக்கு முன்னால் அழைத்து, எஞ்சிய கட்டங்களைக் காட்டி, ஒரு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஈடாக, வகுப்பிற் படித்துக்காட்டும் நாளைத் தெரியும் உரிமையை எண் வரிசையைத் தலைகீழாக்கிக் கொடுக்கின்றேன். 40 ஆம் எண்காரன் நாளை முதலில் தெரிவான். சிறிய ஈடுதான், ஆயினும், பிள்ளைகள் அதனைப் பெரிதாக மதிக்கின்றனர்.

முன்னோட்டம்

பொருள் கிடைத்துவிட்டது என்பதற்காக அது நடக்கும் என்று கொள்ளுதல் தவறு. கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவனும் ஐந்து சொற்களைக் கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு சொல்லோடும் மூன்று விடயம் வேண்டும்: சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார், சொன்ன வாக்கியம் யாது. வாக்கியம் என்பது மிக முக்கியம். அகராதியிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்த சொல்லுக்குப் பொருள் இருக்கும், வாக்கியம் இராது. இருந்தாலும் அது பேச்சிற் பிறந்த வாக்கியமாக இராது. “பன்னாடை என்பது பனையின் ஒரு பகுதியாகும்” என்று எந்தப் பாட்டனும் பேரனுக்குச் சொல்லமாட்டார். “உந்தப் பன்னாடையை எடுத்து அடுப்புக்குக் கிட்ட வை” என்றே சொல்லுவார். இரண்டையும் பார்த்த ஆசிரியர் எது வாயிலிருந்து வந்தது, எது தாளிலிருந்து வந்தது என்பதை ஒரு நோக்கிலே அறிவார்.

ஐந்து சொல் வரவில்லையெனில் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். ஆள் கிடைக்கவில்லை, அல்லது, ஆள் இருந்தும் நேரமில்லை, அல்லது, பொருள் மிக ஒடுங்கியது. முதலிரண்டுக்கும் வேறொருவரைக் காட்டலாம். அல்லது, மிச்சமுள்ள கட்டங்களில் ஒன்றுக்கு மாற்றலாம். மூன்றாவதற்கு அளவை மாற்ற வேண்டும். அளவுச் சொற்கள் என்னும் கட்டம் இயல்பாகவே ஒடுங்கியது. கருவிப் பெயரைத் தெரிந்தவன் நாற்பது சொல் சேர்க்கலாம். பரப்பு, குழி என்று நில அளவைகளைச் சேர்ப்பவன் பன்னிரண்டைக் காண்பதே அரிது. ஆகவே, அவனிடம் எண்ணிக்கையைக் குறைத்து விளக்கத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும்: ஒவ்வோர் அளவையும் எதை அளக்க உதவியது, எதனால் அளந்தனர், இன்று அதற்குப் பதிலாக எது வழங்குகின்றது. எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையைக் கேட்பது வகுப்பு முழுவதையும் கருவிப் பெயருக்கே துரத்தும்.

இன்னுமொரு இடையூறு உண்டு. ஒரே முதியவரிடம் பல பிள்ளைகள் போதல். எங்கள் அயலிலே நன்றாகக் கதை சொல்லும் பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் பெயரை ஆறு துண்டுகளின் பின்பக்கத்திலே காணலாம். முதல் முறை இதனைக் கவனியாது விட்டேன். நான்காவது பிள்ளை போனபோது அப்பெரியவர் களைத்துவிட்டார். மூன்றாவது பிள்ளைக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னார். கட்டங்கள் வேறாயிருந்தும் கொப்பிகள் ஒன்றாயின. அதன்பின், ஒருவரிடம் இருவருக்கு மேற் போகக்கூடாது என்பதை விதியாக்கினேன். துண்டுகளின் பின்பக்கத்தை ஆசிரியர் ஊன்றிப் படிக்க வேண்டியதற்கு இதுவும் காரணம்.

பதிவேடு

இவை அனைத்தையும் ஒரு கொப்பியிலே பதிந்து வைத்தல் வேண்டும். எண், வினா, ஊர், முன்னோட்டம் காட்டிய நாள், மாற்றமிருந்தால் மாற்றம் என ஐந்து நிரல்கள் போதும். அதன் பிரதியொன்றை, விடை சொல்வோர் பெயரை விடுத்து, வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டால், தன் வினாவோடு உரசும் வினா எவனிடம் உள்ளது என்பதைப் பிள்ளைகளே கண்டு வந்து சொல்லுவர். அடுத்த ஆண்டு அதே பெரும்பொருளை எடுத்தால், பழைய பதிவேடு அண்ணன் எழுதியதைத் தம்பி பெயர்த்து எழுதாமற் காக்கும். அதற்கும் மேலாக, தம்பி அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்: அண்ணன் கேட்ட நாற்பது சொற்களில் எத்தனையை அதே தொழில் செய்யும் இளையவர் இன்றும் அறிவர் என்பது புதியதொரு வினா.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. விடை அயலவரிடம் கிடைக்கும் பொருள்களுக்கே இக்கட்டம் நன்கு பொருந்தும். நாவல், சிறுகதை என்று நூல் வழி ஆராயும் செயற்றிட்டமானால், விடை தருவது நூல். கல்லூரி நூலகத்திலே ஒரு நூலுக்கு எத்தனை பிரதி உண்டோ அத்தனை பேருக்கே அதனைக் கொடுக்கலாம். அங்கே இடப்பக்கத்திலே தொழிலுக்குப் பதிலாக நூலை எழுதி, கட்டம் வரையுமுன் நூலகருடன் அமர்ந்து பிரதிகளை எண்ண வேண்டும். அன்றியும், இம்முறை நான்கு பாடவேளையைக் கொள்ளும். பாடத்திட்டம் நெருக்கும்போது நான்கு பாடவேளை சிறிதன்று. ஆனால், நாற்பது கொப்பியைத் திருத்தும்போது ஒரே கட்டுரையைப் பத்துத் தரம் வாசிக்கும் நேரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலிற் சொன்ன மாணவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் இப்பொழுது வளர்ந்து தொழில் பார்க்கின்றான். சில ஆண்டுகளின் முன் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, பாட்டனார் காலமாகிவிட்டார் என்று சொல்லி, அந்தப் பழைய கொப்பியை என் கையிலே தந்தான். பன்னிரண்டு பக்கம். பாளைக்கத்தி, தளைநார், முட்டி என்று தொடங்கி, யான் கேட்டறியாத சொற்களும் அதில் இருந்தன. அவற்றிற் சிலவற்றுக்கு அவன் வாக்கியம் எழுதியிருக்கவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை. “அப்ப நான் தொடர்ந்து எழுதியிருக்கலாம், ஐயா” என்றான். எழுதியிருக்கலாம். பதின்மூன்றாம் பக்கத்தை நிறுத்தியது ஆசிரியர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

இப்பொழுதெல்லாம் இருவர் ஒரே பொருளோடு வந்தால், “வேறொன்று பார்” என்று யான் சொல்வதில்லை. “நீ யாரிடம் கேட்கப்போகிறாய்?” என்றே கேட்கின்றேன்.